கரண்ட் பில்லோடு ஒத்துப்போகும் கணக்கு: வாட், மணி, எண்ணிக்கை வைத்து வீட்டுப் பாவனையைச் சரிபார்ப்பது எப்படி

வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் ஒரு அறைக்கு ஏசி போடலாமா என்று யோசித்தார்கள். போட்டால் பில் எவ்வளவு கூடும் என்று பார்க்க, சித்தி ஒரு கொப்பியில் வீட்டில் உள்ள சாமான்களை எல்லாம் எழுதி, வாட்டை மணியால் பெருக்கி, மாதத்துக்கு 283 யூனிட் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆனால் அந்த மாத பில்லில் இருந்ததோ 165 யூனிட். "மீற்றர் பிழையா, என்ர கணக்குப் பிழையா?" என்று கேட்டார். மீற்றர் சரி. கணக்கில்தான் பல வரிகள் பிழை. அந்த வரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் பெருக்கல் எல்லாருக்கும் வரும், போட்ட கணக்கு உண்மையா என்று சோதிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

சூத்திரம் இவ்வளவுதான்:

```
யூனிட் = வாட் × ஒரு நாளில் மணி × எண்ணிக்கை × நாட்கள் ÷ 1000
```

1000 வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பில்லில் அலகு என்று இருப்பதும் இதுதான். நிமிடத்தை மணியாக மாற்றும்போது மட்டும் கவனம் வேண்டும்: 30 நிமிடம் என்றால் 0.5, அதை 0.30 என்று எழுதக் கூடாது. 20 நிமிடம் 0.33, 45 நிமிடம் 0.75. கல்குலேட்டரில் 0.45 என்று தட்டிவிட்டு முக்கால் மணி என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பில்லை ஒரு நாளுக்குக் கொண்டு வாருங்கள்

சாமான்களைத் தொட முன்னர் பில்லை எடுங்கள். முந்தைய முறை மீற்றர் பார்த்த திகதி, இந்த முறை பார்த்த திகதி, இரண்டுக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். மீற்றர் பார்க்க வருபவர் சரியாக 30ஆவது நாளிலேயே வருவார் என்றில்லை. சித்தியின் பில்லில் 33 நாள் இருந்தது. 165ஐ 33ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 5 யூனிட். 30 நாளுக்கு 150. நாங்கள் ஒப்பிட வேண்டிய எண் இந்த 150 தான், 165 இல்லை. இதைச் செய்யாமல் விட்டால் கணக்கு சரியாக இருந்தாலும் பத்தில் ஒரு பங்கு பிழையாகத் தெரியும், நீங்கள் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டு இருப்பீர்கள்.

முடிந்தால் இரண்டு மூன்று மாத பில்லைப் பாருங்கள். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் நின்ற மாதத்தையோ, ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்த மாதத்தையோ அளவுகோலாக எடுக்க வேண்டாம்.

பட்டியலை எழுதி, பிழைகளோடேயே முதலில் கூட்டுங்கள்

சித்தியின் கொப்பியில் இருந்ததை அப்படியே தருகிறேன். கடைசி எண் 30 நாளுக்கான யூனிட்.

```
எல்ஈடி பல்ப்      9 வாட் × 8 × 5 மணி    =  10.8
சீலிங் ஃபேன்     75 வாட் × 3 × 10 மணி   =  67.5
பிரிட்ஜ்        150 வாட் × 1 × 24 மணி   = 108.0
ரிவி             80 வாட் × 1 × 4 மணி    =   9.6
ரைஸ் குக்கர்    700 வாட் × 1 × 2 மணி    =  42.0
அயன்           1000 வாட் × 1 × 0.5 மணி  =  15.0
தண்ணி மோட்டர்   373 வாட் × 1 × 1 மணி    =  11.2
ரவுட்டர்         10 வாட் × 1 × 24 மணி   =   7.2
வாஷிங் மெஷின்   400 வாட் × 1 × 1 மணி    =  12.0
```

கூட்டினால் 283. மீற்றர் சொல்வது 150. இந்த இடத்தில் எல்லா வரியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 150க்குக் கொண்டு வந்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அப்படிச் செய்யாதீர்கள். கூட்டுத்தொகை சரியாக வந்திருக்கும், உள்ளே ஒரு வரியும் உண்மையாக இருக்காது, நாளைக்குப் புதிய சாமான் ஒன்றைச் சேர்க்கும்போது அந்தக் கணக்கு ஒன்றுக்கும் உதவாது. பெரிய வரியில் இருந்து தொடங்குங்கள். இதில் பிரிட்ஜ், ஃபேன், ரைஸ் குக்கர் மூன்றும் சேர்ந்தே 217. பிழை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பிரிட்ஜ்: 24 மணி நேரமும் பிளக்கில் இருப்பது வேறு, ஓடுவது வேறு

புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் விழும் இடம் இது. பிரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட், கொம்பிரசர் ஓடும்போது எடுப்பது. உள்ளே குளிர் போதுமான அளவுக்கு வந்ததும் தேர்மோஸ்டாட் அதை நிறுத்திவிடும், சூடு ஏறியதும் திரும்ப ஓடும். இரவில் அமைதியாக இருக்கும்போது அந்த உறுமல் சத்தம் வந்து வந்து நிற்பதைக் கேட்டிருப்பீர்கள். ஆகவே 150 வாட்டை 24ஆல் பெருக்குவது, கொம்பிரசர் ஒரு நிமிடமும் ஓயாமல் ஓடியது என்று எழுதுவதற்குச் சமம். சில பிரிட்ஜுகளில் வாட்டே இருக்காது, அம்பியர் மட்டும் இருக்கும். அதை எங்கள் 230 வோல்ட்டால் பெருக்கினால் ஒரு உச்ச அளவு கிடைக்கும், உண்மை அதைவிடக் குறைவு.

எத்தனை மணி ஓடுகிறது என்று ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது. சித்தி வீட்டார் யாழ்ப்பாணம் போன இரண்டு நாளை அதற்குப் பயன்படுத்தினோம். ரவுட்டர், ரிவி எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றி, பிரிட்ஜை மட்டும் விட்டு, வெளிக்கிட முன்னர் மீற்றரைப் போனில் படம் எடுத்தோம், 48 மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து இன்னொரு படம். வித்தியாசம் 2.9 யூனிட். ஒரு நாளுக்கு 1.45. கதவு திறக்காத நாட்கள் அவை, ஆள் நடமாட்டம் இருந்தால் கொஞ்சம் கூடும் என்பதால் 1.5 என்று எடுத்தோம். மாதத்துக்கு 45. கொப்பியில் இருந்ததோ 108.

வீட்டை விட்டுப் போக வழியில்லை என்றால் பிளக்கில் பொருத்தும் சின்ன வாட் மீற்றர் ஒன்று வாங்கலாம், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் இலத்திரனியல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு பிளக் 13 அம்பியர் சதுரப் பின்னா, பழைய வட்டப் பின்னா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பிரிட்ஜை அதில் ஒரு முழு நாள் விட வேண்டும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு 24ஆல் பெருக்கினால், கொம்பிரசர் ஓடிய மணியா நின்ற மணியா என்பதைப் பொறுத்து விடை எங்கேயோ போகும். இன்னொன்று, பிரிட்ஜை நிறுத்தினால் உடனே திரும்பப் போடாதீர்கள், ஐந்து நிமிடமாவது விட்டுப் போடுங்கள், கொம்பிரசருக்கு அது நல்லது.

ரைஸ் குக்கரும் அயனும் இதே குடும்பம்தான்

ரைஸ் குக்கருக்கு சித்தி இரண்டு மணி நேரம் போட்டிருந்தார், ஏனென்றால் சமைத்த பிறகும் சூடு ஆறாமல் இருக்க பிளக்கில் விடுவார்கள். ஆனால் 700 வாட் எடுப்பது சோறு வேகும் அந்த 35 நிமிடம் மட்டும். பட்டன் மேலே வந்ததும் 40 வாட் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே அதை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்: 700 வாட் 0.58 மணி, அப்புறம் 40 வாட் ஒன்றரை மணி. சேர்த்தால் ஒரு நாளுக்கு 0.47 யூனிட், மாதத்துக்கு 14. கொப்பியில் 42.

அயனும் சூடு ஏறியதும் தானே நிற்கும், அந்தச் சின்ன லைட் அணைந்து எரிவதே அதற்கு அடையாளம். அரை மணி நேரம் அயன் பண்ணும்போது அந்த லைட் எவ்வளவு நேரம் எரிகிறது என்று ஒரு தரம் கவனித்துப் பாருங்கள். சித்தி வீட்டில் ஏறக்குறையப் பாதி நேரம். 15 யூனிட் 7.5 ஆனது.

எண்ணிக்கை × மணி என்ற பொறி

எட்டு பல்ப் இருக்கிறது, ஐந்து மணி நேரம் எரிகிறது என்று எழுதினால் எட்டும் ஐந்து மணி நேரம் எரிகிறது என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். உண்மையில் ஹோல், குசினி, அறை என்று மூன்றுதான் ஐந்து மணி, பாத்ரூம், பல்கனி என்று மற்ற ஐந்தும் ஆளுக்கு அரை மணி. அப்படி எழுதினால் 10.8க்குப் பதில் 4.7. எல்ஈடி என்பதால் இது சின்ன விஷயம்தான், ஆனால் ஃபேனில் இதே பிழை பெரிதாகிவிடும். மூன்று ஃபேன் பத்து மணி என்றால் 30 ஃபேன்-மணி. ஒவ்வொரு ஃபேனாகக் கேட்டபோது ஒன்று 9 மணி, ஒன்று 8, ஹோல் ஃபேன் 5, மொத்தம் 22 தான். ஒரே மாதிரிச் சாமான் பல இருந்தால் எண்ணிக்கை 3 என்று போடாமல், தனித்தனி வரியாக எழுதுங்கள். மணி ஒன்றாக இருக்கும் சாமான்களுக்கு மட்டும்தான் எண்ணிக்கையால் பெருக்கலாம்.

வாஷிங் மெஷினில் இதே பிழை நாட்களில் வந்தது. அவர்கள் தோய்ப்பது மாதத்தில் 12 நாள், கணக்கு 30ஆல் பெருக்கியிருக்கிறது. பச்சைத் தண்ணியில் தோய்க்கும் மெஷின் என்பதால் மோட்டரும் அந்த ஒரு மணி நேரமும் முழு வலுவில் ஓடுவதில்லை. ஒரு தோய்ப்புக்கு கால் யூனிட் என்று வைத்து 3 யூனிட் என்று திருத்தினோம்.

ஃபேனை மீற்றரின் சிமிட்டலை வைத்து அளப்பது

சீலிங் ஃபேனுக்கு பிளக் இல்லை, வாட் மீற்றர் பொருத்த முடியாது. அதில் 75 வாட் என்று இருப்பதும் முழு வேகத்துக்குத்தான். இதற்கு வீட்டு மீற்றரையே பயன்படுத்தலாம். இலத்திரனியல் மீற்றரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு லைட் சிமிட்டிக்கொண்டு இருக்கும், பக்கத்தில் `1600 imp/kWh` அல்லது `3200 imp/kWh` என்று அச்சடித்திருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை தரம் சிமிட்டும் என்று அர்த்தம். உங்கள் மீற்றரில் என்ன எண் இருக்கிறதோ அதை எடுங்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் அந்தந்த சுவிட்சில் நிறுத்துங்கள், பிரிட்ஜையும்தான். மீற்றரைத் திறக்கவோ தொடவோ தேவையில்லை, பார்த்தால் போதும். எல்லாம் நின்ற பிறகு நாலைந்து நிமிடம் அந்த லைட்டைக் கவனியுங்கள், சிமிட்டக் கூடாது. அவசரப்படாதீர்கள், 10 வாட் ரவுட்டர் ஒன்று மட்டும் ஓடினால் 1600 மீற்றரில் ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 225 வினாடி ஆகும். எல்லாம் நிறுத்தியும் தொடர்ந்து சிமிட்டினால் எங்கேயோ ஒரு சாமான் மறந்துபோயிருக்கிறது, அல்லது கீழ் வீட்டு லைனோ படிக்கட்டு லைட்டோ உங்கள் மீற்றரில் தொங்குகிறது, அல்லது வயரிங்கில் ஒழுக்கு. அனெக்ஸில் வாடகைக்கு இருப்பவர்கள் இதை ஒரு தரம் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். ஒழுக்கு என்று சந்தேகம் வந்தால் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

சரி, இப்போது ஃபேன்களை மட்டும் வழமையான வேகத்தில் போடுங்கள். போனில் ஸ்டொப்வொட்சை எடுத்து, ஒரு சிமிட்டலில் தொடங்குங்கள். அந்தச் சிமிட்டல் பூச்சியம், அடுத்ததுதான் ஒன்று. பத்தாவது சிமிட்டலில் நிறுத்துங்கள். முதல் சிமிட்டலையே ஒன்று என்று எண்ணினால் இடைவெளி ஒன்பதுதான் இருக்கும், விடை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

```
வாட் = 3600000 × சிமிட்டல் ÷ (மீற்றர் எண் × வினாடி)
3600000 × 10 ÷ (1600 × 125) = 180
```

மூன்று ஃபேனும் சேர்ந்து பத்துச் சிமிட்டலுக்கு 125 வினாடி எடுத்தது. 180 வாட், ஒன்றுக்கு சராசரி 60. 22 மணியால் பெருக்கினால் மாதத்துக்கு 39.6 யூனிட், கொப்பியில் இருந்த 67.5 இல்லை. ஆனால் பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருக்கும் வீடுகளில் வேகத்தைக் குறைத்தாலும் வாட் பெரிதாக இறங்காது, மிச்சம் ரெகுலேட்டரில் சூடாகப் போகும். அது தொட்டுப் பார்த்தாலே சுடும்.

உள்ளே போவதா, வெளியே வருவதா

திருத்திய மற்ற வரிகள் எல்லாம் குறைந்தன, தண்ணி மோட்டர் மட்டும் கூடியது. அரைக் குதிரை வலு என்றால் 373 வாட், அது சரி. ஆனால் அது மோட்டர் தண்டு வெளியே தரும் வலு. கரண்டில் இருந்து எடுப்பது அதைவிடக் கூட, ஏனென்றால் ஒரு பகுதி சூடாகப் போகிறது. இதே சிமிட்டல் சோதனையில் அவர்களுடைய மோட்டர் 600 வாட் காட்டியது. டாங்கி நிரம்ப முக்கால் மணிதான் ஆகிறது என்பதையும் சேர்த்தால் மாதத்துக்கு 13.5. மைக்ரோவேவிலும் இதே குழப்பம் வரும்: கதவில் பெரிதாக எழுதியிருக்கும் 800 வாட் சாப்பாட்டுக்குப் போவது, பின்னால் சின்ன எழுத்தில் இருப்பதுதான் பில்லுக்குப் போவது.

திரும்பக் கூட்டுங்கள்

பல்ப் 4.7, ஃபேன் 39.6, பிரிட்ஜ் 45, ரிவி 9.6, ரைஸ் குக்கர் 14, அயன் 7.5, மோட்டர் 13.5, ரவுட்டர் 7.2, வாஷிங் மெஷின் 3. மொத்தம் 144. மீற்றர் 150. மிச்சம் 6 யூனிட் எங்கே என்று கேட்டபோது சித்தியே சொன்னார், "கேத்திலை எழுதேல்லையடா." காலையும் மாலையும் தேத்தண்ணிக்கு 1500 வாட் கேத்தில் மொத்தம் எட்டு நிமிடம் ஓடினால் ஒரு நாளுக்கு 0.2, மாதத்துக்கு 6. கிரைண்டர், போன் சார்ஜர் போன்றவையும் கொஞ்சம் எடுக்கும்தான். ஆகவே இவ்வளவு அச்சொட்டாக வந்தது ஒரு அளவுக்கு அதிர்ஷ்டம். பத்து வீதத்துக்குள் வந்தாலே நிறுத்திவிடலாம், அதற்கு மேல் துருவினால் கிடைப்பது ஊகம்தான். கணக்கு மீற்றரைவிடக் குறைவாக நின்றால் எழுதாமல் விட்ட சாமானைத் தேடுங்கள், குளிக்கிற சுடுதண்ணி ஹீட்டர் மாதிரி 3500 வாட் சாமான் ஒன்று பத்து நிமிடம் ஓடினாலே அரை யூனிட்டுக்கு மேல் போய்விடும். கூட நின்றால் தேர்மோஸ்டாட் உள்ள சாமான்களைத் திரும்பப் பாருங்கள்.

இனி ஏசி

ஏசி லேபிளில் இரண்டு வாட் இருக்கும். 9000 பிடியூ ஏசியில் 2640 வாட் அளவில் ஒன்று இருக்கும், அது அறையில் இருந்து அகற்றும் சூட்டின் அளவு. பில்லுக்கு வேண்டியது மற்றது, பவர் இன்புட் என்று இருப்பது. சித்தி பார்த்து வைத்த இன்வேர்ட்டர் ஏசியில் அது 800 வாட். இரவில் எட்டு மணி நேரம் என்றால் 6.4 யூனிட், இது உச்சம். அறை குளிர்ந்த பிறகு இன்வேர்ட்டர் வேகத்தைக் குறைத்துவிடும், எவ்வளவு குறைக்கும் என்பது அறை, ஜன்னல், நீங்கள் வைக்கும் பாகை எல்லாவற்றையும் பொறுத்தது. ஆகவே ஒரே எண்ணை எழுதாமல் ஒரு இரவுக்கு 3 முதல் 4.5 யூனிட் என்று இடைவெளியாக எழுதினோம். மாதத்துக்கு 90 முதல் 135.

வீட்டுக் கட்டணம் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறும், 180ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்குத்தான் விலை மிகக் கூட, நிலையான கட்டணமும் படியோடு சேர்ந்து ஏறும். விலைகள் அவ்வப்போது மாறுவதால் உங்கள் பில் வந்த மாதத்துக் கட்டண அட்டவணையைப் பாருங்கள். 150இல் நிற்கும் வீட்டுக்கு 180 வரை மிச்சம் இருப்பது 30 யூனிட், அதாவது ஒரு நாளுக்கு ஒன்று. ஏசி குறைந்த பக்கக் கணக்கில் ஓடினாலும் 240க்கு வந்துவிடும். பழைய 283 கணக்கை வைத்திருந்தால் அவர்கள் ஏற்கனவே 180ஐத் தாண்டிவிட்டதாக அல்லவா நினைத்திருப்பார்கள்? சித்தி இப்போது ஏசியை வாங்கி, படுக்கப் போக முன்னர் ஒரு மணி நேரம் போட்டு அறையைக் குளிர்த்திவிட்டு அப்புறம் ஃபேனில் படுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரம் முழு வலுவில் ஓடினாலும் 0.8 யூனிட், மாதத்துக்கு 24, மொத்தம் 174. முதல் வாரம் தினமும் ஒரே நேரத்தில் மீற்றரைப் படம் எடுத்து, ஒரு நாளுக்கு 6 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.